சின்ன கிளினிக்குக்கு டேட்டா பாதுகாப்பு பாலிசி எழுதுறது எப்படி: யாரு, என்ன, எப்போ, எதுல பதிவு

நிறைய கிளினிக்குல பாலிசின்னு ஒரு பேப்பர் இருக்கும், ஏதோ ஒரு பெரிய ஆஸ்பத்திரியோடத நெட்ல எடுத்து பேர மட்டும் மாத்தினது. அதுல கட்டாயம் இப்படி ஒரு வரி இருக்கும்: "நோயாளிகளின் தகவல்களைப் பாதுகாக்க உரிய நடவடிக்கைகள் மேற்கொள்ளப்படும்." இந்த வரிய ரிசப்ஷன்ல இருக்கறவங்ககிட்ட குடுத்து, நாளைக்கு காலைல வந்ததும் இதுக்காக நீங்க என்ன செய்வீங்கன்னு கேட்டுப் பாருங்க. பதில் வராது. அது அவங்க தப்பு இல்ல, அந்த வரி யாரையும் எதையும் செய்யச் சொல்லவே இல்ல.

அதனால இந்தக் கட்டுரைல ஒரே ஒரு விஷயத்ததான் பாக்கப் போறோம். ஒரு பாலிசி வரிய படிச்சா புரியணும், அதே சமயம் கட்டுப்படுத்தவும் செய்யணும். அதுக்கு ஒவ்வொரு வரியும் நாலு கேள்விக்கு பதில் சொல்லணும்: யாரு செய்யணும், என்ன செய்யணும், எப்போக்குள்ள, செஞ்சதுக்கு எதுல பதிவு. நாலும் இருந்தா பத்தாவது படிச்சவங்களுக்கும் புரியும், பிரச்சனைன்னு வரும்போது செஞ்சீங்களா இல்லையான்னு காட்டவும் முடியும்.

முதல்ல சட்டம் எங்க நிக்குதுன்னு சுருக்கமா. இந்தியால 2023 ஆகஸ்ட்ல டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டம் வந்துச்சு, அதுக்கான விதிகள் 2025 நவம்பர்ல வந்துச்சு. கிளினிக்குகள தொடற முக்கியமான பிரிவுகள் எல்லாம் அந்த அறிவிப்புல இருந்து 18 மாசம் கழிச்சு, அதாவது 2027 மே மாசம்னு வச்சிருக்காங்க. சின்ன கிளினிக் தானே நமக்கு எதுக்குன்னு விட முடியாது, ரெண்டு பேர் வேல பாக்கற இடமா இருந்தாலும் பேஷன்ட் விவரத்த கம்ப்யூட்டர்லயோ போன்லயோ வச்சிருந்தா இந்த சட்டம் வரும். வெறும் பேப்பர் நோட்டு இதுக்குள்ள வராது, ஆனா அந்த நோட்டுப் பக்கத்த போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பின நிமிஷம் அது டிஜிட்டல் ஆயிடுச்சு. பாதுகாப்பு ஏற்பாடே இல்லாம தகவல் கசிஞ்சா அபராதத்தோட உச்சவரம்பு 250 கோடி ரூபாய். சின்ன இடத்துக்கு அவ்வளவும் போடுவாங்கன்னு அர்த்தம் இல்ல, தொகைய முடிவு பண்றப்ப கசிவோட தன்மை, எவ்வளவு தீவிரம், அத சரி பண்ண நீங்க என்ன செஞ்சீங்க எல்லாத்தையும் பாக்கணும்னு சட்டமே சொல்லுது. அங்கதான் உங்க பாலிசியும் அதுல இருக்கற பதிவும் பேசும்.

சரி, ஒரு உதாரணம் வச்சுக்குவோம். கும்பகோணம் மாதிரி ஒரு ஊர்ல ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு ரிசப்ஷனிஸ்ட். பில்லிங்குக்கு மாச வாடகை குடுத்து ஒரு கிளவுட் சாப்ட்வேர். ரத்த டெஸ்ட் வெளி லேப்ல. ரிப்போர்ட் லேப்ல இருந்து ரிசப்ஷனிஸ்ட்டோட சொந்த போனுக்கு வாட்ஸப்ல வருது, அவங்க அத பேஷன்ட்டுக்கு பார்வர்ட் பண்றாங்க. ஊர்ல பாதி கிளினிக் இப்படித்தான் ஓடுது.

எழுத உக்கார்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு பேஷன்ட்டோட தகவல் வாசல்ல இருந்து எங்கெங்க போகுதுன்னு கூடவே நடந்து பாருங்க. டோக்கன் நோட்டு, சாப்ட்வேர், கேஸ் ஷீட், லேப் சீட்டு, லேப்போட கம்ப்யூட்டர், அங்க இருந்து ரிசப்ஷனிஸ்ட் போன். இந்த கடைசி இடத்துலதான் யாருமே பாக்காத ஓட்டை இருக்கு: அந்த போன்ல வர்ற ரிப்போர்ட் எல்லாம் தானா கேலரில சேவ் ஆகி, அந்த போல்டருக்கு பேக்கப் ஆன்ல இருந்தா அப்படியே கூகுள் போட்டோஸ்லயும் ஏறி, அவங்க வேலைய விட்டுப் போனதுக்கு அப்புறமும் நூத்துக்கணக்கான பேரோட சுகர் ரிப்போர்ட்டும் கர்ப்ப டெஸ்ட் ரிசல்ட்டும் அவங்க வீட்டு டேப்லெட்ல திறக்கும். பெரிய ஆஸ்பத்திரி பாலிசிய காப்பி அடிச்சா இது எந்த வரிலயும் வராது. உங்க பாலிசி இங்க இருந்துதான் ஆரம்பிக்கணும்.

இப்ப வாட்ஸப் விஷயத்துக்கே ஒரு பிரிவு எழுதுவோம். முதல் முயற்சில எல்லாரும் எழுதறது: "நோயாளிகளின் அறிக்கைகள் பாதுகாப்பான முறையில் பகிரப்படும்." பகிரப்படும்னா யாரால? பாதுகாப்பான முறைன்னா எது? தமிழ்ல "படும்"னு முடியற வாக்கியம் ஆள மறைச்சிடும், அதனால பாலிசில "படும்" வர்ற இடம் எல்லாத்தையும் கோடு போட்டு, அங்க ஒரு ஆளோட பொறுப்ப போடுங்க. ஆள் பேர் வேண்டாம், ஆள் மாறுவாங்க. ரிசப்ஷனிஸ்ட், நர்ஸ், டாக்டர்னு பதவிய போடுங்க.

திருத்தினா இப்படி வரும்:

"லேப் ரிப்போர்ட்டை ரிசப்ஷனிஸ்ட் மட்டும் அனுப்ப வேண்டும். கிளினிக்கின் போனிலிருந்து மட்டும் அனுப்ப வேண்டும். சொந்த போனில் பெறவோ அனுப்பவோ கூடாது. அனுப்பும் முன், நோயாளி பதிவுச் சீட்டில் 'ரிப்போர்ட் அனுப்ப வேண்டிய எண்' என்று எழுதிய எண்ணோடு கடைசி நான்கு இலக்கங்களை ஒப்பிட வேண்டும். அனுப்பியதும் ரிப்போர்ட் நோட்டில் நோயாளி எண், நேரம், தன் கையெழுத்து ஆகியவற்றை எழுத வேண்டும். அந்தச் சீட்டில் எண் இல்லையென்றால் ரிப்போர்ட்டை நேரில் மட்டும் கொடுக்க வேண்டும்."

பாருங்க, இதுல ஒரு கஷ்டமான வார்த்தை கூட இல்ல, ஆனா தப்பிக்க இடமும் இல்ல. சட்டத் தமிழ்ல எழுதினாதான் கட்டுப்படுத்தும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது உண்மை இல்ல. கட்டுப்படுத்தறது "வேண்டும்", "கூடாது"ங்கற ரெண்டும்தான். "செய்யலாம்"னு எழுதினா அது அனுமதி, செய்யலன்னா யாரையும் கேக்க முடியாது. "முயற்சி செய்வோம்", "இயன்றவரை", "அவ்வப்போது" இதெல்லாம் வந்தா அந்த வரி இல்லாத மாதிரிதான்.

"ரிப்போர்ட் அனுப்ப வேண்டிய எண்"னு தனியா கேக்கச் சொன்னதுக்கு காரணம் இருக்கு. நம்ம ஊர்ல பதிவு பண்ணும்போது அம்மாவுக்கு மகன் நம்பர், மனைவிக்கு கணவன் நம்பர், காலேஜ் பொண்ணுக்கு அப்பா நம்பர்னுதான் குடுப்பாங்க. டோக்கன் வந்தா கூப்பிடறதுக்கு அந்த நம்பர் ஓகே. ஆனா ரிப்போர்ட் அந்த நம்பருக்குப் போகலாமான்றத அந்த பேஷன்ட்தான் சொல்லணும், ரிசப்ஷனிஸ்ட் முடிவு பண்ணக் கூடாது. சில ரிசல்ட்டுகள வாட்ஸப்ல அனுப்பவே கூடாதுன்னு பேர் சொல்லி எழுதிடுங்க: எச்ஐவி, கர்ப்பம், மனநல சிகிச்சை சம்பந்தமானது. எச்ஐவி நிலைய அவங்களோட எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாம வெளில சொல்லறத 2017 எச்ஐவி சட்டம் தடுக்குது, மனநல சிகிச்சை ரகசியம்னு அதே 2017 மனநல பராமரிப்பு சட்டமும் சொல்லுது, ரெண்டுலயும் விதிவிலக்கு ரொம்ப கொஞ்சம்.

இந்த பிரிவோட சேத்து போன் செட்டிங்கையும் ஒரு வரில போட்டுடலாம்: கிளினிக் போன்ல வாட்ஸப்போட `Media visibility` ஆஃப்ல இருக்கணும், மாசம் முதல் வேலை நாள்ல நர்ஸ் அத செக் பண்ணி நோட்டுல கையெழுத்து போடணும். இவ்வளவு சின்ன விஷயத்த பாலிசில எழுதணுமான்னு தோணும். எழுதணும், ஏன்னா கசிவு நடக்கறது இந்த மாதிரி இடத்துலதான்.

எழுதும்போது இன்னொரு இடத்துல கவனம் வேணும், அது "மற்றும்". "டாக்டர் மற்றும் நர்ஸ் அனுமதித்தால் நகல் கொடுக்கலாம்"னு எழுதினா ரெண்டு பேரும் சேந்து அனுமதிக்கணுமா, யாராவது ஒருத்தர் போதுமா? சண்டை வரும்போது ரெண்டு பக்கமும் ரெண்டு விதமா படிப்பாங்க. "டாக்டர், நர்ஸ் இருவரும்"னு போடுங்க, இல்லன்னா "இருவரில் ஒருவர்"னு போடுங்க. அதே மாதிரி முதல் பக்கத்துல நோயாளின்னு ஆரம்பிச்சா கடைசி பக்கம் வரைக்கும் நோயாளிதான், நடுவுல பயனாளர், வாடிக்கையாளர்னு மாத்தினா வேற ஆளப் பத்தி பேசறீங்களோன்னு கேள்வி வரும்.

இப்ப தப்பு நடந்துட்டா என்ன. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் 6:10க்கு ரிசப்ஷனிஸ்ட் ஒருத்தரோட தைராய்டு ரிப்போர்ட்ட அதே பேர் இருக்கற வேறொருத்தருக்கு அனுப்பிட்டாங்கன்னு வச்சுக்கோங்க. உடனே டிலீட் பண்ணிட்டு பேசாம இருந்துடலாம்னுதான் கை போகும். ஆனா சட்டத்துல தகவல் மீறல்னு சொல்றதுக்குள்ள தெரியாம தவறிப் போய் பகிர்ந்ததும் வருது, ஒரே ஆளோட ஒரே ரிப்போர்ட்டா இருந்தாலும் வருது. ஐரோப்பால ஆபத்து குறைவுன்னா அதிகாரிகிட்ட சொல்லாம விடலாம்னு ஒரு வழி இருக்கு, இந்திய சட்டத்துல அப்படி ஒரு குறைந்தபட்ச அளவே வைக்கல. பாதிக்கப்பட்ட நோயாளிக்கு தாமதம் இல்லாம சொல்லணும், இந்த சட்டப்படி அமைக்கற தரவு பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதம் இல்லாம சொல்லி, தெரிய வந்ததுல இருந்து 72 மணி நேரத்துக்குள்ள முழு விவரம் குடுக்கணும்.

72 மணி நேரம் இருக்குன்னு நெனச்சு அத அப்படியே பாலிசில எழுதினா, ரிசப்ஷனிஸ்ட் மூணாவது நாள்தான் டாக்டர்கிட்ட வாயத் திறப்பாங்க. அதனால உள்ளுக்குள்ள நேரத்த உடைச்சு எழுதணும்:

"தவறான நபருக்குத் தகவல் போனதாக யாருக்குத் தெரிய வந்தாலும், அவர் ஒரு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் நேரிலோ போனிலோ சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன் எதையும் அழிக்கக் கூடாது; திரையைப் படம் எடுத்து வைக்க வேண்டும். டாக்டர் அன்றைக்கே நோயாளியை அழைத்து என்ன தகவல், எப்போது, யாருக்குப் போனது, அதனால் என்ன பாதிப்பு வரலாம், கிளினிக் என்ன செய்தது, நோயாளி என்ன செய்துகொள்ளலாம், மேலும் கேட்க யாரை அழைக்க வேண்டும் என்பதைச் சொல்லி, அதையே எழுத்திலும் அனுப்ப வேண்டும். வாரியத்துக்கான முதல் தகவலை டாக்டர் 24 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். தானாக முன்வந்து சொன்ன ஊழியர் மீது, சொன்னதற்காக நடவடிக்கை எடுக்கக் கூடாது."

கடைசி வரி இல்லன்னா மத்த வரி எதுவும் வேல செய்யாது. வேல போயிடும்னு பயந்தா யாரும் சொல்ல மாட்டாங்க, நீங்க பேஷன்ட் வந்து கத்தும்போதுதான் தெரிஞ்சுக்குவீங்க. இன்னொன்னு, கசியறது மட்டும் மீறல் இல்ல, தகவல் கைக்கு கிடைக்காம போறதும் மீறல்தான். கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்து எல்லாம் பூட்டிக்கிச்சு, பேக்கப்பும் இல்லன்னா அதுவும் இதே பிரிவுல வரும்.

அடுத்து நிறைய பேர் மாட்டிக்கறது, நிறைவேத்த முடியாத வாக்கு. "நோயாளியின் தகவலை எக்காரணம் கொண்டும் யாருக்கும் தர மாட்டோம்"னு போர்டுல எழுதி வச்சிருப்பாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அது பொய். காசநோய்ன்னு கண்டுபிடிச்சா தனியார் டாக்டரும் அரசுக்கு தெரிவிச்சே ஆகணும், 2012ல இருந்து அப்படித்தான். குழந்தை மேல பாலியல் வன்முறை நடந்திருக்குன்னு தெரிஞ்சா போக்சோ சட்டப்படி போலீஸ்கிட்ட சொல்லியே ஆகணும். கோர்ட் உத்தரவு வந்தா குடுக்கணும். இந்த மூணையும் பேர் சொல்லி எழுதிட்டு, "இவை தவிர, அல்லது வேறு சட்டம் கட்டாயமாகக் கேட்டால் தவிர, நோயாளியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் வெளியாருக்குத் தரக் கூடாது, கேட்டு வரும் ஆளுக்கு டாக்டர் மட்டும் பதில் சொல்ல வேண்டும்"னு முடிங்க. வெளியாருன்னா யாருன்னும் சொல்லணும். கணவன், மாமியார், வேல பாக்கற கம்பெனி எச்ஆர், கல்யாணத்துக்கு விசாரிக்க வர்றவங்க எல்லாரும் வெளியாருதான். ரிசப்ஷன்ல தினமும் வர்ற கேள்வி இதுதான், அதனால இத பட்டியலாவே போட்டுடுங்க.

பேஷன்ட் தன்னோட ரெக்கார்ட கேட்டா எவ்வளவு நாள்ல குடுக்கணும்? புது விதிகள்ல புகாருக்கு பதில் சொல்ல 90 நாள் வரைக்கும் இருக்கறத பாத்துட்டு, எல்லாத்துக்கும் 90 நாள்னு எழுதறவங்க இருக்காங்க. அது தப்பு, ஏன்னா 2002 மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிப்படி மெடிக்கல் ரெக்கார்ட கேட்டா 72 மணி நேரத்துல குடுக்கணும். ரெண்டு சட்டம் ஒரே இடத்துல மோதற மாதிரி தெரிஞ்சா குறைவான நேரத்த எழுதுங்க, ரெண்டுக்கும் சரியா இருக்கும். அதே மாதிரி பேஷன்ட் திருத்தச் சொன்னா, பேர், வயசு, நம்பர உடனே மாத்தலாம், டாக்டர் எழுதின நோயறிதல அழிச்சு மாத்தக் கூடாது, கீழ தேதி போட்டு திருத்தக் குறிப்பு சேக்கணும்னு எழுதுங்க. பழசு அழிஞ்சா அது நாளைக்கு ஆவணத்த மாத்திட்டீங்கன்னு உங்க மேலயே திரும்பும்.

எவ்வளவு காலம் வச்சிருக்கறதுங்கறது கொஞ்சம் யோசிச்சு எழுத வேண்டிய பிரிவு. "தேவைப்படும் வரை"ன்னு எழுதினா அது எப்பவும் அழிக்க மாட்டோம்னு அர்த்தம். சட்டமோ, வேல முடிஞ்சா அழிக்கணும், வேற சட்டம் வச்சிருக்கச் சொன்னா மட்டும் வச்சுக்கலாம்னு சொல்லுது. படுக்கைல சேத்த நோயாளி ரெக்கார்ட 3 வருஷம் வைக்கணும்னு அதே 2002 விதி சொல்லுது. ஸ்கேன் சென்டர்னா கருவோட பாலினம் பாக்கறத தடுக்கற சட்டத்துக்கான ரெக்கார்டு குறைஞ்சது 2 வருஷம், கேஸ் ஓடினா அது முடியற வரைக்கும். நுகர்வோர் கோர்ட்ல புகார் குடுக்க 2 வருஷம் இருக்கு. இதெல்லாம் சேத்துப் பாத்தா நம்ம உதாரண கிளினிக்குக்கு "கடைசியாக வந்த நாளிலிருந்து 3 ஆண்டு"ன்னு வச்சா நியாயமா இருக்கும். சுகர் பேஷன்ட் மாதிரி தொடர்ந்து வர்றவங்களுக்கு ஒவ்வொரு தடவ வரும்போதும் அந்த கணக்கு புதுசா ஆரம்பிக்கும், அதனால பழைய ரெக்கார்டு போகாது. குழந்தைகளுக்கும் பிரசவ கேஸுக்கும் வழக்கு போடற காலக்கெடு நீளலாம், அந்த ஒரு இடத்துல மட்டும் வக்கீல்கிட்ட கேட்டு நம்பர் போடுங்க. அப்புறம் அழிக்கறது யாரு? "ஒவ்வொரு ஏப்ரலிலும் நர்ஸ் 3 ஆண்டு தாண்டியவற்றின் பட்டியலை எடுக்க வேண்டும். வழக்கோ புகாரோ நடப்பில் உள்ளவற்றை டாக்டர் நீக்கிவிட்டுக் கையெழுத்திட வேண்டும். மீதியைச் சாப்ட்வேரிலிருந்தும் பேக்கப்பிலிருந்தும் 30 நாளுக்குள் அழிக்க வேண்டும்." பேக்கப்ப எழுத மறந்தா அழிச்சது அழிச்சதே இல்ல.

சாப்ட்வேர் கம்பெனி விஷயத்துல ஒரு தவறான நிம்மதி இருக்கு, டேட்டா அவங்க சர்வர்ல இருக்கு, கசிஞ்சா அவங்க பொறுப்புன்னு. சட்டப்படி பேஷன்ட் முன்னாடி பொறுப்பு கிளினிக்குதுதான், ஒப்பந்தத்துல என்ன எழுதியிருந்தாலும். ஒப்பந்தம் இல்லாம அவங்ககிட்ட டேட்டா குடுக்கறதே தப்பு. மாச பில் மட்டும் வச்சிருந்தா இன்னைக்கே ஒரு பக்க ஒப்பந்தம் கேளுங்க: கசிவு தெரிஞ்ச 24 மணி நேரத்துல நமக்கு சொல்லணும், நம்ம வேலைக்கு தவிர வேற எதுக்கும் டேட்டாவ தொடக் கூடாது, நாம விட்டுப் போகும்போது எல்லாத்தையும் திறந்து படிக்கற பைலா திருப்பிக் குடுத்துட்டு அழிச்சதுக்கு எழுத்துல உறுதி தரணும். மூணுக்கும் சம்மதிக்காத கம்பெனிய மாத்திடறதுதான் நல்லது.

சம்மதம் பத்தி சொல்லாம முடிக்க முடியாது, இங்கதான் ரெண்டு பேப்பர ஒண்ணா குழப்பிக்கறாங்க. பாலிசி ஊழியர்களுக்கு. பேஷன்ட்டுக்கு குடுக்கறது அறிவிப்பு, அது தனி தாள், தமிழ்ல கேட்டா தமிழ்ல குடுக்கணும், என்னென்ன தகவல் எடுக்கறீங்க, எதுக்கு, குடுத்த சம்மதத்த எப்படி பின்வாங்கறது, யார்கிட்ட புகார் பண்றதுன்னு அரை பக்கத்துல முடியணும். வைத்தியத்துக்காக பேஷன்ட் தானா வந்து சொல்ற விவரத்த அந்த வைத்தியத்துக்கே பயன்படுத்தறதுக்கு தனி சம்மதம் வேண்டாம். சட்டத்துலயே ஒரு மருந்துக்கடை உதாரணம் இருக்கு: வாங்கினவங்க ரசீது அனுப்பச் சொல்லி நம்பர் குடுத்தா, ரசீது அனுப்ப அந்த நம்பர பயன்படுத்தலாம். அவ்வளவுதான். அதே நம்பருக்கு இலவச முகாம் விளம்பரம் அனுப்பறதும், தோல் சிகிச்சைக்கு முன்னாடி பின்னாடி போட்டோவ இன்ஸ்டால போடறதும் வேற வேல, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி கட்டம், தனித்தனி டிக், முன்கூட்டியே டிக் போட்டு வைக்கக் கூடாது, டிக் போடலன்னா வைத்தியம் இல்லன்னும் சொல்லக் கூடாது. "கிளினிக் மேல புகார் குடுக்க மாட்டேன்"னு கையெழுத்து வாங்கினாலும் அந்த வரி செல்லாது.

எழுதி முடிச்சதும் கட்டுப்படுத்தறது எப்படின்னா, ஊழியரோட வேலை நியமனக் கடிதத்துல "கிளினிக்கின் தகவல் பாதுகாப்பு விதிகள் இந்த நியமனத்தின் பகுதி"ன்னு ஒரு வரி, பாலிசியோட கடைசி பக்கத்துல பதிப்பு எண், தேதி, படிச்சுக் காட்டினவர், கேட்டவர் கையெழுத்து. ஏற்கனவே வேல பாக்கறவங்ககிட்டயும் வாங்கணும், ஆயாம்மாவும் உண்டு, ஏன்னா குப்பைல போற பழைய ரிப்போர்ட்ட பாக்கறது அவங்கதான். மாத்தினா பதிப்பு எண் மாறணும், பழைய தாள கிழிக்காம பைல்ல வைக்கணும், கசிவு நடந்த அன்னைக்கு எந்த பதிப்பு இருந்துச்சுன்னு கேப்பாங்க.

அச்சடிக்கறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பண்ணுங்க. ரிசப்ஷனிஸ்ட்ட உக்கார வச்சு மூணு கேள்வி குடுங்க: ஒரு பேஷன்ட்டோட அண்ணன் போன் பண்ணி ரிப்போர்ட் என்னாச்சுன்னு கேக்கறாரு, கிளினிக் போன் பஸ்ல தொலைஞ்சு போச்சு, போன வருஷம் வந்தவங்க என் விவரத்த எல்லாம் அழிச்சிடுங்கன்னு எழுதிக் குடுக்கறாங்க. டாக்டர கேக்காம, பாலிசிய மட்டும் பாத்து ரெண்டு நிமிஷத்துல என்ன செய்யணும்னு விரல் வச்சு காட்டணும். காட்ட முடியாத கேள்விக்கான பிரிவ திரும்ப எழுதுங்க, அவங்க எந்த வார்த்தைல தடுமாறினாங்களோ அந்த வார்த்தைய அவங்க பேசற வார்த்தையா மாத்தி.